கட்டை சுத்தியலை விடும் இடம்

கேள்வி: "ஹார்ப்சிகார்டுக்கும் பியானோவுக்கும் உருவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதில் இறகு கம்பியை மீட்டுகிறது, இதில் சுத்தியல் அடிக்கிறது. இவ்வளவு சின்ன மாற்றத்தால் இசையே மாறிவிட்டது என்கிறார்களே, அது எப்படி?"

கம்பியை அடிப்பது சின்ன மாற்றம்தான். அடித்த மறுகணமே விலகுவதுதான் பெரிய வேலை. சந்தூர் வாசிப்பவரின் கையைக் கவனித்துப் பாருங்கள். குச்சி கம்பியில் பட்டதும் துள்ளி விலகிவிடும், அந்தத் துள்ளலுக்கு அவர் மணிக்கட்டு இடம் கொடுக்கும். ஒரு நொடி அழுத்திப் பிடித்தாலும் நாதம் செத்துவிடும். அந்த மணிக்கட்டு செய்யும் வேலையை ஒரு மரக்கட்டையின் மறுமுனையில், மனிதக் கை இல்லாமல் செய்யவைக்க வேண்டும். விரல் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே சுத்தியல் மட்டும் கம்பியை விட்டு விலக வேண்டும். அது கைகூடிய பிறகுதான் பியானோ பிறந்தது.

நான் 22 வருடமாகச் சென்னையில் பியானோ ட்யூனிங்கும் ரிப்பேரும் செய்கிறவன். மேடையில் வாசிப்பவனும் இல்லை, சரித்திர ஆய்வாளனும் இல்லை. இயந்திரப் பகுதியைக் கையால் தொட்டுப் பழகியதிலிருந்து சொல்கிறேன். சரித்திரம் படித்துத் தெரிந்துகொண்டது. முதல் பியானோக்களை நான் தொட்டதில்லை, அவற்றைப் பார்த்துச் செய்த நகல்களின் ஒலிப்பதிவுகளைத்தான் கேட்டிருக்கிறேன்.

முதலில் மீட்டும் கருவியைப் பார்ப்போம். பயிற்சிக் காலத்தில் ஒரு ஹார்ப்சிகார்டைத் திறந்து வேலை செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கட்டையின் உள்முனையில் ஒரு மெல்லிய மரச்சட்டம் செங்குத்தாக நிற்கும், அதற்கு ஜாக் என்று பெயர். அதன் மேல்பகுதியில் ஒரு சிறிய நாக்கு, அந்த நாக்கிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு ஓர் இறகுத் துண்டு. அந்தக் காலத்தில் காக்கை இனப் பறவைகளின் இறகுத் தண்டைச் சீவி வைப்பார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். கட்டையை அழுத்தினால் ஜாக் மேலே போகும், இறகு கம்பியின் அடியில் முட்டி வளையும், ஒரு கட்டத்தில் நழுவி மேலே போய்விடும். அந்த நழுவலில்தான் கம்பி ஒலிக்கிறது. விரலை எடுத்தால் ஜாக் கீழே இறங்கும். அப்போது நாக்கு பின்பக்கம் மடங்கி, இறகு மறுபடி மீட்டாமல் கம்பியைக் கடந்துவிடும். ஜாக்கின் தலையில் இருக்கும் துணித் துண்டு கம்பியில் உட்கார்ந்து ஒலியை அடக்கிவிடும். மிக அழகான ஏற்பாடு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கம்பி எவ்வளவு தூரம் இழுபட்டு விடுபடுகிறது என்பதைத் தீர்மானிப்பது இறகின் நீளமும் விறைப்பும்தான். இறகு இவ்வளவு வளைந்தால் நழுவும் என்பது ஏற்கெனவே சீவி வைத்த கணக்கு. நீங்கள் மெதுவாக அழுத்தினாலும் அந்த அளவில்தான் நழுவும், ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய அதே அளவில்தான் நழுவும். வீணையில் மீட்டுவது உங்கள் விரலே என்பதால் எவ்வளவு இழுத்து விடுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஹார்ப்சிகார்டில் அந்த முடிவை இறகைச் சீவியவர் முன்னமே எடுத்துவிட்டார். அன்று எனக்குக் கொடுத்த வேலையும் அதுதான்: ஒரு கட்டை மட்டும் பக்கத்துக் கட்டைகளைவிடச் சத்தமாக ஒலித்தது, சின்னக் கத்தியால் அதன் இறகை முடியளவுக்குச் சீவினோம், சத்தம் அடங்கியது. பியானோவில் வாசிப்பவர் ஒவ்வொரு ஸ்வரத்திலும் செய்வதை இங்கே கத்தி ஒரே முறை செய்துவிடுகிறது.

அதற்காக ஹார்ப்சிகார்டில் உணர்ச்சி காட்ட முடியாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் கலைஞர்கள் சத்தத்துக்குப் பதிலாக நேரத்தை வைத்து விளையாடினார்கள். முக்கியமான ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு மயிரிழை தாமதிப்பது, ஒரு ஸ்வரம் அடங்குமுன் அடுத்ததை மேலே படரவிடுவது, பல ஸ்வரங்கள் சேர்ந்த கோர்டை ஒரே அடியாக அடிக்காமல் கீழிருந்து மேலாக உதிர்ப்பது, நீண்ட ஸ்வரம் கரைந்துபோகாமல் அதைச் சுற்றி அலங்காரம் போடுவது. இன்னும் பலம் வேண்டுமென்றால் ஸ்வரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள், அல்லது விசையை இழுத்து இன்னொரு வரிசைக் கம்பியையும் சேர்த்துக்கொள்வார்கள். பெரிய கருவிகளில் இரண்டு அடுக்குக் கட்டைகள் இருக்கும், ஒன்று பலமாகவும் இன்னொன்று மென்மையாகவும் ஒலிக்கும். 1735ல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் வெளியிட்ட இத்தாலியன் கான்செர்டோவில் ஃபோர்ட்டே, பியானோ, அதாவது பலமாக, மென்மையாக என்று குறிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. அவை எந்தக் கை எந்த அடுக்கில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. ஆக, பலமும் மென்மையும் அங்கே இருந்தன. ஆனால் அவை படிக்கட்டுகள். ஒரு படியில் நிற்கலாம், அடுத்த படிக்குத் தாவலாம். சரிவில் ஏறுவதுபோல ஒவ்வொரு ஸ்வரமாகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை. பாரிஸில் பெரிய ஹார்ப்சிகார்டு கலைஞராக இருந்த பிரான்சுவா கூப்ரான், 1713ல் தன் முதல் தொகுப்பின் முன்னுரையிலேயே இந்தக் குறையை ஒப்புக்கொண்டு ஆதங்கப்பட்டிருக்கிறார்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்த ஒரு கருவி அப்போதே இருந்தது, கிளாவிகார்டு. அதில் கட்டையின் முனையில் ஒரு சிறிய பித்தளைத் தகடு நேரே போய்க் கம்பியைத் தொட்டு, விரல் எடுக்கும்வரை அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். விரலின் அழுத்தம் கம்பிவரை நேராகப் போவதால் நுணுக்கத்துக்குக் குறைவே இல்லை, நம் கமகத்தைப் போல ஸ்வரத்தை லேசாக அசைக்கக்கூட முடியும். ஆனால் தொட்ட பொருள் விலகாததால் ஒலி மிகச் சின்னது. பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்காது.

இப்போது இத்தாலியின் ஃபிளாரன்ஸுக்கு வருவோம். பதுவாவில் 1655ல் பிறந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி, 1688ல் மெடிசி இளவரசர் ஃபெர்டினாண்டோவிடம் வேலைக்குச் சேர்ந்தார். இளவரசரின் ஹார்ப்சிகார்டுகளைப் பராமரிப்பதும் புதிதாகச் செய்வதும் அவர் வேலை. 1700ல் எழுதப்பட்ட அரண்மனை இசைக்கருவிப் பட்டியலில், மென்மையாகவும் பலமாகவும் ஒலிக்கக்கூடிய அவருடைய புதுக் கருவி ஒன்று விவரமாகப் பதிவாகியிருக்கிறது. இது உறுதியான ஆதாரம். அதைச் செய்யத் தொடங்கிய வருடம் எது என்பதில்தான் கருத்து வேறுபாடு, 1690களின் பிற்பகுதி என்று பலரும் சொல்கிறார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1598ல், மோதெனா அரசவைக் கடிதங்களில் 'பியானோவும் ஃபோர்ட்டேயும்' உள்ள கருவி என்று ஒரு குறிப்பு வருகிறது. அதை வைத்துச் சிலர் பியானோவுக்கு இன்னும் பழைய வயதைத் தருகிறார்கள். அதில் சுத்தியல் இருந்தது என்பதற்கு அந்தக் கடிதத்தில் எதுவும் இல்லை, விசைகள் வைத்த ஹார்ப்சிகார்டாகவும் இருக்கலாம். எனவே நான் கிறிஸ்தோஃபோரியிடமிருந்தே தொடங்குகிறேன்.

அவர் செய்த பியானோக்களில் மூன்று இன்று மிஞ்சியிருக்கின்றன: 1720ல் செய்தது நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில், 1722ல் செய்தது ரோமில், 1726ல் செய்தது லைப்சிக்கில். அவருடைய தீர்வு இப்படி: கட்டையின் மேல் ஒரு சிறிய தள்ளுகோல் நிற்கும். கட்டை எழும்போது அது இன்னொரு நெம்பைத் தள்ளும், அந்த நெம்பு சுத்தியலைத் தள்ளும். இரண்டு நெம்புகள் சேர்வதால், விரல் கொஞ்ச தூரம் போனாலே சுத்தியல் அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் போகும். சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் தள்ளுகோல் பிடி நழுவி விலகிவிடும். மிச்சமிருக்கும் தூரத்தைச் சுத்தியல் தனியாகப் பறந்து கடக்கும், அடிக்கும், துள்ளி விழும். விழுந்தது மறுபடி எம்பி இன்னொரு முறை அடித்துவிடாமல் இருக்க, அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு தடுப்பு. இந்த நழுவலுக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர், எங்கள் தொழிலில் லெட் ஆஃப் என்போம். இன்றைய பியானோவில் கட்டை இறங்குவது சுமார் 10 மில்லிமீட்டர், சுத்தியல் பயணிப்பது சுமார் 45 மில்லிமீட்டர், கட்டை அதைக் கைவிடுவது கம்பிக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் இருக்கும்போது. கிறிஸ்தோஃபோரிக்குப் பிறகு எத்தனையோ மாறியிருக்கிறது, அந்த நழுவல் மாறவில்லை.

இந்த 2, 3 மில்லிமீட்டர் எவ்வளவு முக்கியம் என்பது அது கெட்டுப்போகும்போது தெரியும். கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் பழைய நிற்கும் பியானோ ஒன்று. வாசிக்கக் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்குப் பதினோரு வயது. நடுவில் ஏழெட்டுக் கட்டைகளில், மெதுவாக அழுத்தினால் 'டொக்' என்று மரச்சத்தம் மட்டும் வருகிறது, சில சமயம் ஒரே அழுத்தலில் இரண்டு முறை அடிக்கிறது. ஓங்கி அழுத்தினால் சரியாக ஒலிக்கிறது. "இவளுக்கு விரலில் பலம் பத்தலைங்க, டீச்சரும் அதையேதான் சொல்றாங்க" என்றார் அம்மா. முன்பலகையைக் கழற்றிவிட்டு ஒரு கட்டையை மெல்ல அழுத்திப் பார்த்தேன். சுத்தியல் போய்க் கம்பியில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. தள்ளுகோலை நழுவச் செய்யும் திருகின் அடியில் இருக்கும் கம்பளிப் பட்டை பல வருட அழுத்தத்தில் நைந்து தட்டையாகிவிட்டது. அதனால் நழுவ வேண்டிய நேரம் தள்ளிப்போய்விட்டது. ஓங்கி அடித்தால் சுத்தியல் தன் உந்துதலில் தள்ளுகோலை முந்திக்கொண்டு பாய்ந்துவிடும், அதனால் கோளாறு மறைந்துவிடுகிறது. மெதுவாக அழுத்தும்போது கட்டை கைவிடும்வரை அது காத்திருக்கிறது, கட்டை கைவிடவே இல்லை. ஒவ்வொரு திருகையும் கால் சுற்று, அரைச் சுற்று இறக்கினேன். அரை மணி நேரத்தில் அந்தப் பெண் மிக மெல்லிய ஒலியில் வாசித்தாள். விரலில் ஒரு குறையும் இல்லை. அவளைப் பல மாதம் திட்டியிருக்கிறார்களே என்று எனக்கு இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, இந்த நழுவல் இசைக்கு என்ன செய்தது? கட்டை கைவிட்ட பிறகு சுத்தியலிடம் மிஞ்சியிருப்பது அதன் வேகம் மட்டும்தான். விரல் கொடுத்த வேகம் எவ்வளவோ, அவ்வளவு சத்தம். இறகு சீவியவரிடம் இருந்த முடிவு விரலுக்கு வந்துவிட்டது, அதுவும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியாக. இன்னொன்றும் சேர்ந்து நடக்கிறது. சுத்தியலின் தலை மெத்தென்று இருக்கும். கிறிஸ்தோஃபோரி தோல் ஒட்டினார், இன்று அழுத்திய கம்பளி. மெதுவாக அடித்தால் அந்த மெத்தை நசுங்காமல் கம்பியோடு சற்று அதிக நேரம் தங்கி, ஒலியின் கூர்மையான பகுதியை உறிஞ்சிவிடும். பலமாக அடித்தால் மெத்தை நசுங்கி இறுகி, கல்லைப் போல அடித்துவிட்டு விலகும், ஒலி பளீரென்று வரும். எனவே சத்தம் மாறும்போது குரலும் சேர்ந்து மாறுகிறது. பல வருடம் அடிபட்டுக் கம்பளி இறுகிப்போன பியானோவில் மெதுவாக வாசித்தாலும் தகரம் தட்டுவதுபோல வருவது இதனால்தான். ஊசியால் கம்பளியைக் குத்தித் தளர்த்திவிட்டால் குரல் திரும்பிவிடும்.

இங்கே அடிக்கடி எழும் ஒரு வாக்குவாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே சத்தத்தில், ஆனால் வேறு வேறு விதமாகத் தொட்டு, வேறு வேறு குரலை எழுப்ப முடியும் என்று பல கலைஞர்கள் நம்புகிறார்கள். சுத்தியல் தனியாகப் பறப்பதால், ஒரே வேகத்தில் போனால் கம்பி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஒலிக்க முடியும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விரல் கட்டையில் படும் சத்தம், கட்டை அடிப்பலகையில் மோதும் சத்தம் எல்லாம் ஒலியோடு சேர்ந்தே காதுக்கு வருகின்றன. தொடும் விதம் மாறினால் அவையும் மாறும். கலைஞர்கள் கேட்கும் வித்தியாசத்தில் இவற்றின் பங்கு எவ்வளவு என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை. அவர்கள் வெறுமனே கற்பனை செய்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு நல்ல கண்டுபிடிப்பு வந்ததும் எல்லோரும் ஹார்ப்சிகார்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் பியானோக்களின் ஒலி மெல்லியது, ஹார்ப்சிகார்டின் பளபளப்பு அதில் இல்லை. 1711ல் இந்தக் கருவியைப் பற்றி முதல்முதலாகப் பத்திரிகையில் எழுதிய ஷிப்பியோனே மஃபேயே, ஒலி மங்கலாக இருக்கிறது என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டதைப் பதிவு செய்திருக்கிறார். பியானோவுக்கென்றே அச்சான முதல் இசை என்று நமக்குத் தெரிவது லொடோவிகோ ஜுஸ்தினியின் 12 சொனாட்டாக்கள், அவை 1732ல் வந்தவை. கருவி பிறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு! அவற்றில் பலமாக, இன்னும் பலமாக, மென்மையாக, இன்னும் மென்மையாக என்று படிப்படியாகக் குறிகள் வருகின்றன. மூன்று வருடம் கழித்து வந்த இத்தாலியன் கான்செர்டோவின் குறிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு கருவிகளின் வேறுபாடு காகிதத்திலேயே தெரியும். மஃபேயின் கட்டுரை 1725ல் ஜெர்மனில் வெளிவந்தது. சாக்சனியில் இருந்த காட்ஃப்ரீட் சில்பர்மன் 1730களில் பியானோ செய்யத் தொடங்கினார். அதை வாசித்துப் பார்த்த பாக், ஒலியைப் புகழ்ந்துவிட்டு, மேல் ஸ்வரங்கள் பலவீனம், கட்டை கனம் என்று சொன்னாராம். சில்பர்மனுக்குக் கோபம், ஆனாலும் பல வருடம் உழைத்துத் திருத்தினார், பிறகு பாக் ஒப்புக்கொண்டார். இந்தக் கதையை எழுதிவைத்தவர் பாக்கின் மாணவர் அக்ரிகோலா. 1747ல் பாட்ஸ்டாமில் ஃபிரெடரிக் மன்னரின் சில்பர்மன் பியானோக்களில் பாக் வாசித்தது உறுதி.

வாசிப்பு எப்படி மாறியது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும், உங்களுக்கும் தெரிந்த உதாரணம்: 'மூன்லைட்' என்று பின்னாளில் பெயர் பெற்ற பேட்டோவனின் சொனாட்டா, முதல் பகுதி. 1802ல் வெளிவந்தது. வலது கையில் மும்மூன்று ஸ்வரங்களாக ஓர் அலை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஐந்தாவது தாளக் கட்டத்தின் இறுதியில் அதே வலது கையின் சுண்டுவிரல் மேலே ஒரு மெட்டைத் தொடங்குகிறது, ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப. மெட்டு அலைக்கு மேலே மிதந்து கேட்க வேண்டுமென்றால் சுண்டுவிரலின் சுத்தியல் கொஞ்சம் வேகமாகவும், மற்ற விரல்களின் சுத்தியல்கள் மெதுவாகவும் போக வேண்டும். ஐந்து விரல்களில் பலம் குறைந்த விரலுக்குத்தான் அதிக வேகம்! இதை ஹார்ப்சிகார்டில் வாசித்தால் மெட்டும் அலையும் ஒரே உயரத்தில் கேட்கும். இரண்டு அடுக்குக் கட்டைகளும் உதவாது, ஏனென்றால் மெட்டும் அலையும் ஒரே கைக்குள் இருக்கின்றன. பியானோ கற்பவர்கள் வருடக் கணக்கில் பழகுவது இதைத்தான், ஒரே கைக்குள் விரலுக்கு விரல் வேறு எடை கொடுப்பதை.

அந்தப் பகுதி முழுவதையும் கம்பியை அடக்கும் டாம்பர்களைத் தூக்கி வைத்துக்கொண்டே வாசிக்க வேண்டும் என்றும் பேட்டோவன் எழுதியிருக்கிறார். இதை இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பிச் சேறாகிவிடும். அன்றைய வியன்னா பியானோக்களில் சுத்தியல் சின்னது, தோல் போர்த்தியது, கம்பி மெல்லியது, நாதம் சீக்கிரம் கரையும். அதனால் அங்கே அது மூடுபனி மாதிரி அழகாக இருந்திருக்கும். இப்போதைய கலைஞர்கள் டாம்பர்களைத் தூக்கும் பெடலைப் பாதி மிதித்தோ அடிக்கடி மாற்றியோதான் சமாளிக்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி, இவ்வளவு பியானோத்தனமான இந்தச் சொனாட்டாவின் முதல் பதிப்பின் அட்டையிலேயே 'ஹார்ப்சிகார்டு அல்லது பியானோவுக்கு' என்று போட்டிருப்பது. வீடுகளில் பழைய கருவிகள் இன்னும் இருந்தன, பதிப்பாளர் அவர்களுக்கும் விற்க வேண்டும். ஆனால் உள்ளே இருந்த இசை அந்தக் கருவியை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டது.

அப்புறம் நடந்தது சுத்தியலைத் துரத்திக்கொண்டு போன கதை. பலமாக அடித்தால் தாங்கக் கம்பி தடிக்க வேண்டும். கம்பி தடித்தால் அதை இழுத்துக் கட்டும் விசை ஏறும், அதை மரச்சட்டம் தாங்காது, 1825ல் பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பாப்காக் வார்ப்பிரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று ஒரு பெரிய பியானோவில் கம்பிகள் இழுக்கும் மொத்த விசை ஏறக்குறைய 20 டன். தடித்த கம்பிக்குப் பெரிய சுத்தியல், பெரிய சுத்தியலுக்குக் கனமான கட்டை. இதில் இழந்ததும் உண்டு. ஹார்ப்சிகார்டில் நான்கு குரல்கள் ஒரே சமயத்தில் பின்னிக்கொண்டு போனாலும் ஒவ்வொன்றும் பொறித்து வைத்ததுபோலத் தனித்துக் கேட்கும். பெரிய பியானோவின் கீழ்ஸ்தாயியில் அந்தத் தெளிவு கிடைப்பது கஷ்டம்.

உங்களுக்குப் பக்கத்தில் எங்காவது நிஜப் பியானோ இருந்தால் இதை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டையை மிக மிக மெதுவாக, சத்தமே வராதபடி அழுத்திக்கொண்டு போங்கள். அடியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் விரலுக்கு ஒரு சின்னத் தடை தட்டுப்படும், அதைத் தாண்டியதும் கட்டை லேசாகிவிடும். அந்த இடத்தில்தான் கட்டை சுத்தியலைக் கைவிடுகிறது. வேகம் போதாததால் சுத்தியல் கம்பிவரை போகாமல் விழுந்துவிட்டது. ஹார்ப்சிகார்டில் அதே அளவு மெதுவாக அழுத்தினாலும் ஒரு தடை தட்டுப்படும், ஆனால் அதைத் தாண்டும் நொடியில் கம்பி தன் முழுக் குரலில் ஒலித்துவிடும்.